தையல் வெளியே இருக்கிற தொப்பி

எங்கள் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. பத்தொன்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும். ஆனால் தையல் ஒரு நூல் கோணினாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது வீட்டுப் பின்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்குப் பருத்தித் தொப்பி தைக்கிறாள். அதை இணையக் கடையில் விற்பது என் வேலை. சொதப்பியதும் நான்தான்.

தொப்பியைப் பற்றி எழுதச் சொன்னால் அக்கா புராணம் பாடியிருந்தேன். 'பிறவிக் கலைஞர்', 'பொன்னான கைகள்' என்று இருபது வரி. துணி, தலைச்சுற்றளவு, தையல் ஏன் வெளியே இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடியில். போனில் முதல் மூன்று வரிதான் தெரியும். மிச்சத்துக்கு 'மேலும்' என்பதைத் தொட வேண்டும். யார் தொடுகிறார்கள்?

நாலு தொப்பி வரிசையாகத் திரும்பி வந்தன. நாலாவதில் ஒரு சீட்டு: "உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்திருக்கிறீர்கள். அனுப்புமுன் பார்க்கமாட்டீர்களா?"

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் தையலை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. "இன்னொண்ணு திரும்பி வந்தா கடையை மூடிடுடி. நான் சீருடைக்கே போயிடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிக்காம வாங்கினா நாம என்ன பண்றது? எல்லாம் எழுதித்தானே இருக்கு!"

"எங்க? காட்டு."

விரலால் தள்ளினேன், தள்ளினேன், தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அசடு வழியப் போனைக் கீழே வைத்தேன்.

"என்னைப் பத்தி இவ்ளோ அளந்திருக்கியே, இந்தத் தொப்பி எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி இல்லையே?"

இருக்காது. அது என் கதை. மொட்டைத் தலையோடு கிடந்தவள் நான். கடைத் தொப்பியின் தையல் மண்டையில் உறுத்துகிறது என்று தூக்கி எறிந்து அழுதேன். அக்கா தையலை வெளியே வைத்து ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அந்த இடத்தைப் புகழ்ந்து நிரப்பியிருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்தேன். தையலைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டு, இவ்வளவுதான் எழுதினேன்: "மெல்லிய பருத்தித் தொப்பி. தலையில் உறுத்தாமலிருக்கத் தையலை வெளியே வைத்திருக்கிறோம். தலைச்சுற்றளவு 54 முதல் 57 செ.மீ. கையால் துவைக்கவும். சிகிச்சையின்போது எனக்குக் கடைத் தொப்பி உறுத்தியதால் என் அக்கா தைத்தது."

"பிறவிக் கலைஞரை எங்கடி காணோம்?" என்றாள் அக்கா.

"வேலையை விட்டுத் தூக்கிட்டேன்."

மூன்றாம் நாள் ஒருத்தி கேட்டிருந்தாள்: "நிஜமாவே உறுத்தாதா? நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

"எட்டு மாசம் போட்டிருந்தேன். இப்போ எனக்கு முடி வளர்ந்திடுச்சு" என்று பதில் போட்டேன்.

அப்புறம், "எனக்கு ரெண்டு அனுப்புங்க" என்று வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, என் தலைமுடியை ஒரு தரம் கலைத்துவிட்டு, மிஷினில் போய் உட்கார்ந்தாள்.