கேட்காமல் போட்ட ஊசி

மலேசியாவின் பாலிங் ஊரில் முப்பது வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிற கவுஸுக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். குழம்பு தண்ணியாக இருந்தால் சட்டியோடு கவிழ்த்துவிடுவார். இடுப்பு மூட்டு தேய்ந்து, அறுவை செய்து புது மூட்டு வைத்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

வார்டில் கெண்டைக்காலைச் சுற்றிய உறை காற்று நிரம்பி அழுத்தும், விடும். பொறுத்துக்கொண்டார். மறுநாளே நடக்கச் சொன்னார்கள். நடந்தார். காலில் ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறினால் ஆளே போய்விடலாம் என்று வயிற்றில் தினம் ஓர் ஊசி. மீதி ஊசிகளை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்கள். மனைவி மெஹருன்னிசா போட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் பார்க்க வந்த ஹசன், மருந்துக்கடையில் வேலை செய்கிறவன், டப்பாவைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது பன்னிக் குடல்லேர்ந்து எடுக்கிறதுலா. சொல்லலையா ஒங்கக்கிட்ட?"

கவுஸ் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். அன்றும் மறுநாளும் ஊசியைத் தொட விடவில்லை.

"இங்கேருங்க, கோவத்துல உசுர விட்டுடாதீங்க," என்று மெஹருன்னிசா அழுதாள். பத்தாம் நாள் காலை அவளே காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

மருந்துப் பிரிவில் இருந்தவர் லோகேஸ்வரி. ஊசிகளை அவர் முன்னால் கொட்டினார் கவுஸ்.

"வேற மருந்தே இல்லன்னா அது வேற பேச்சு. எங்க மார்க்கத்துப் பெரியவங்களும் அதுக்கு வழி சொல்லியிருக்காங்க. இருக்கா இல்லையா?"

"இருக்குண்ணே. செயற்கையா செஞ்ச ஊசி இருக்கு. மாத்திரையும் இருக்கு."

"அப்ப ஏன் கேக்கல? நான் என்ன ஊமையா?"

"கேட்டிருக்கணும். எங்க தப்புதான்."

அந்தப் பதில் அவர் கோபத்தைக் குறைக்கவில்லை. வாய்க்கு வந்ததை மட்டும் அடக்கியது.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்து, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். வீக்கமில்லை. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் சரி. தினம் ஒரு மாத்திரை எழுதினார்.

"இன்னும் இருபத்தஞ்சு நாள்," என்றார் லோகேஸ்வரி. "இடுப்புக்கு மொத்தம் முப்பத்தஞ்சு. நடுவுல நிறுத்தாதீங்க. கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்காதீங்க. ரத்தம் கசிஞ்சா ஒடனே வாங்க."

"எங்க பக்கத்துக் கடைக்காரனுக்கு ரெண்டு வாரம்தானே குடுத்தீங்க?"

"அவருக்கு முழங்காலா இருக்கும். இடுப்புக்கு ஆபத்து ரொம்ப நாளைக்கு இருக்கும்ணே."

அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கினார், திட்டிக்கொண்டே.

முப்பத்தைந்தாம் நாள் கடைசி மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால் நன்றாக இருந்தது. அவர் கடையில் தினமும் பசியாறும் மலாய் முஸ்லிம் பெரியவர் முழங்கால் மாற்றி, மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். கவுஸ் உள்ளே நுழையும்போது தாதி அவருக்குப் போட அதே ஊசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

இது எதிலிருந்து எடுத்தது என்று இவரிடம் சொன்னாயா, என்று கவுஸ் மலாயில் கேட்டார்.

அவள் படிவத்தைப் புரட்டினாள். அவரிடம் கேட்டதாக அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்தாள்.

கவுஸ் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, கைத்தடியை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"இப்ப அவருகிட்டக் கேளு," என்றார். "கேக்கிற வரைக்கும் நான் இங்கதான்."