ஒரு ‘என்’னின் நீளம்

பிலோமினாவுக்குக் கோடம்பாக்கத்தில் பத்தொன்பது வருஷம். பாடிய பாட்டு முந்நூறுக்கு மேல் இருக்கும். அதில் ஒன்றுகூட அவள் குரலில் வெளியே வந்ததில்லை.

அவள் டிராக் பாடகி. பெரிய பாடகி வந்து கேட்டுப் படித்துக்கொள்வதற்காக முதலில் ஒருத்தி பாடி வைக்க வேண்டுமே, அந்த ஒருத்தி. பெரியவர் பாடி முடித்ததும் இவள் குரலை டேப்பிலிருந்து அழித்துவிடுவார்கள். சம்பளம் சரியாக வந்துவிடும், அதில் குறையில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணன் மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், “ஏம்மா பிலோமி, ரேடியோவுல உன் பாட்டு எது?” என்று கேட்பான். எந்தப் பாட்டைத்தான் அவள் காட்டுவாள்? தன் குரலில் ஒரே ஒரு பாட்டு, செத்த பிறகாவது ஊர் கேட்கிற மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்று ஏங்கினாள். அந்த ஏக்கம் வயிற்றுவலி மாதிரி வரும், போகும், தீராது.

எண்பத்தேழு ஆடி மாசம் ஒரு தாய்ப் பாட்டு. திருவிழாவில் தொலைந்த மகன் திரும்பக் கிடைக்கிற இடம். இசையமைப்பாளர் ஜெயசீலன் ஆர்மோனியத்தில் தத்தகாரம் சொன்னார்: “தாஆன்... தன்ன தன்னன தானா.” முதல் ஸ்வரம் நாலு எண்ணிக்கைக்கு நிற்கும். மீதியெல்லாம் சின்னச் சின்ன அடி.

புலவர் செம்பியன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்: ‘என் பிள்ளை என்னிடம் வந்தான்.’

“புலவரே, மொத எழுத்து நீளம். நெடில் போடுங்களேன்,” என்றார் ஜெயசீலன்.

“நெடில் தனியா வந்தாலும் நேர், குறில் ஒற்றோட வந்தாலும் நேர். யாப்புல ரெண்டும் ஒண்ணுதான்யா!”

“யாப்புல ஒண்ணு. மைக்குல வேறங்க.”

“பாடுறவ பாடுவா, போய்யா.”

பிலோமினா பாடினாள். எப்படிப் பாடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எகரத்தைத் தொட்டவுடனே விட்டுவிட்டு, நாக்கை மேலே ஒட்டி, அந்த நாலு எண்ணிக்கையையும் ‘ன்’னிலேயே நிறுத்தினாள். க், ட் மாதிரி எழுத்தில் அது நடக்காது, மூச்சு அடைத்துக்கொள்ளும். ‘ன்’ மூக்கு வழியாக ஓடுகிற எழுத்து, வேண்டிய மட்டும் நீளும். சொல்லும் சொல்லாகவே இருந்தது, நீளமும் நின்றது. வயலின்காரர்கள் வில்லைத் தட்டிப் பாராட்டினார்கள். புலவர், “பாத்தியா?” என்று ஜெயசீலனை முறைத்தார்.

மறுநாள் காலை பம்பாயிலிருந்து மேதா பராஞ்சபே வந்தாள். தங்கமான மனுஷி, தேன் குரல். பாட்டை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள். அங்கேதான் சனி பிடித்தது. இந்தி எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுவேறு எழுத்து கிடையாது, இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் டேக்கிலேயே நாலு எண்ணிக்கைக்கும் உயிரைப் பிடித்து இழுத்தாள்.

‘ஏஏஏன் பிள்ளை என்னிடம் வந்தான்.’

தயாரிப்பாளர் சின்னக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “என்னய்யா இது! தொலஞ்ச புள்ள கெடச்சிருக்கு, தாய்க்காரி ஏண்டா வந்தேன்னு கேக்குறாளே!”

கன்சோல் அறையே சிரித்தது. ஜெயசீலன் உள்ளே போய்ப் பாடிக் காட்டினார். மறுபடியும் ‘ஏன்’. குறுக்கிப் பாடச் சொன்னால் ஸ்வரம் நடுவிலே அறுந்து பள்ளம் விழுந்தது. ஒன்பது டேக் ஆயிற்று. மேதாவின் கண் கலங்கிவிட்டது.

சின்னக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார். “சாயங்காலம் அந்தம்மாவுக்கு ஃப்ளைட். நேத்துப் பாடுன பொண்ணு நல்லாத்தானே பாடியிருக்கு? வரலேன்னா அதையே வச்சிடுங்க.”

மூலையில் உட்கார்ந்திருந்த பிலோமினா நிமிர்ந்தாள். அதையே வச்சிடுங்க! பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாதாவே, மாதாவே என்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

ஜெயசீலன் அவள் பக்கம் திரும்பினார். “பிலோமி, நீ மட்டும் எப்படிம்மா பாடுன? கொஞ்சம் சொல்லிக் குடு.”

ஒரே வாக்கியம். ‘ன்’னுல நில்லுங்க. அவ்வளவுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“தெரியலண்ணே. அதுவா வந்துச்சு.”

பொய்தான். சொன்னதும் காது சுட்டது. ஆனாலும் உள்ளே ஒரு குரல், இரு, இன்னும் ஒரே ஒரு டேக் என்றது.

அந்த ஒரு டேக் வரவே இல்லை. புலவர் செம்பியன் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “தாளக் குடுய்யா. எழுதுறவன் மெட்டுக்கு மட்டுமா எழுதுறான், பாடுற வாய்க்கும் சேத்துத்தான்.” நின்றபடியே பழைய வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: ‘நான் பெற்ற பொன்மகன் வந்தான்.’

நான். நெடில். எவ்வளவு இழுத்தாலும் நான் நானேதான்.

“பிலோமி, இதை ஒரு தடவ டிராக்குல பாடிரும்மா,” என்றார் ஜெயசீலன்.

அவளே போய்ப் பாடினாள். நேற்றுப் பாடியதன் மேலேயே பாடினாள், டேப்பில் பழையது அழிந்துகொண்டே வந்தது. பிறகு மேதா உள்ளே போய் ஒரே டேக்கில் முடித்தாள். அப்படியொரு தாய், அப்படியொரு ‘நான்’. சின்னக்கண்ணு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பிலோமினாவைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. அவர்கள் மேல் என்ன தப்பு?

தாழ்வாரத்தில் டீ வந்தது. மேதா தன் டம்ளரோடு பிலோமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு முக்கால்வாசி இந்தி, நடுநடுவே தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்.

“பெஹன், காலையில அந்த வார்த்தை... டேப்புல நீ பாடினது ரொம்ப அழகு. எனக்கு வரலை. எப்படி?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பிலோமினா சொன்னாள். “‘எ’யத் தொட்டதும் விட்டுருங்க மேடம். நாக்க இங்க ஒட்டிக்குங்க. நீளம் பூரா ‘ன்’னுல.” வாயைத் திறந்து நாக்கையும் காட்டினாள்.

மேதா கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளர் கையிலேயே இருந்தது. ‘என்ன்ன்... பிள்ளை என்னிடம் வந்தான்.’

முதல் தடவையிலேயே வந்துவிட்டது. பிலோமினா பாடியதைவிட நன்றாகவே வந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாவி, இந்தப் பாட்டு இந்தக் குரலில் இப்படி இருந்திருக்கலாமே! யாருக்கும் இல்லாமல் பண்ணிவிட்டேனே!

“அரே, இவ்வளவுதானா!” மேதா குழந்தை மாதிரி சிரித்தாள். “உள்ளே ஏன் சொல்லலை?” என்று இந்தியில் கேட்டாள்.

பிலோமினாவுக்குத் தெரிந்த இந்தி அதைச் சொல்லப் போதாது. கண்ணில் நீர் முட்டியது. தமிழிலேயே சொன்னாள், அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில். “என் பாட்டா இருக்கணும்னு ஆசப்பட்டேன் மேடம். வேற ஒண்ணும் இல்ல.”

மேதாவுக்குப் புரியவில்லை. அதில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. உற்சாகத்தோடு நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு, குறில் கொஞ்சமும் நீளாமல், சுத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“என்ன்... என் பாட்டு. என் பாட்டு. சரியா?”

“சரி மேடம்,” என்றாள் பிலோமினா. “ரொம்பச் சரி.”