தற்காலிகச் சேர்க்கை

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில், திண்டிவனத்தை அடுத்திருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விழுப்புரத்தில் ஒரு தகவல் மையம் இருந்தது. நான் அங்கே வேலை பார்த்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், தமிழும் பிழையில்லாமல் எழுதுவாள் என்று யாரோ மேலே சொல்லிவைக்க, எண்பது பக்கத் தகவல் கையேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. பெற்றோர்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் வேண்டும், ஒரு மாதத்தில் வேண்டும். தனிச் சம்பளம் கிடையாது என்பதை மட்டும் வாயால் சொன்னார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காரணம் கோபம்தான். மூன்று வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த கட்டணப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்.

'டியூஷன் பீஸ்' என்ற வரியைக் கண்டாலே சண்டை வரும். எம் பொண்ணுக்கு டியூஷன் வேணாம், அதைக் கழிச்சிக்கினு மீதியைச் சொல்லுங்க என்று ஒருவர் அரைமணி நேரம் வாதாடியிருக்கிறார். அதனால் 'கற்பிப்புக் கட்டணம்' என்று எழுதி, 'மாலை நேர டியூஷன் அல்ல, வகுப்பில் பாடம் நடத்துவதற்கான கட்டணம்' என்று அடியில் சேர்த்தேன். 'காஷன் டெபாசிட்'டை அகராதிப்படி 'எச்சரிக்கை வைப்புத்தொகை' என்று போட்டால் போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, 'வாடகை வீட்டு அட்வான்ஸ் போன்றது. ஆய்வகத்தில் ஏதும் உடைத்திருந்தால் பிடித்துக்கொண்டு மீதியைப் படிப்பு முடிந்ததும் திருப்பித் தருவார்கள்' என்று எழுதினேன். 'கிரெடிட்'டுடன்தான் நான்கு நாள் மல்லுக்கட்டினேன். கடன் என்று எழுதினால் குடும்பமே ஓடிவிடும். கடைசியில் கிரெடிட் என்றே விட்டு, வாரம் ஒரு மணி நேரம் பாடம் கேட்டால் செமஸ்டர் முடிவில் ஒரு கிரெடிட், ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, இத்தனை சேர்ந்தால்தான் பட்டம் என்று விளக்கினேன்.

இத்தனைக்கும் நடுவில் 'புரொவிஷனல் அட்மிஷன்' என்று ஒன்று வந்தது. அதற்கு நான் யோசிக்கவே இல்லை. 'தற்காலிகச் சேர்க்கை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். என் பட்டச் சான்றிதழ் வருவதற்கு முன் தந்த காகிதத்தையும் தற்காலிகச் சான்றிதழ் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள். அரசாங்கத் தமிழில் தயாராகக் கிடந்த சொல்.

கையேடு அச்சாகி வந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்கள் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தைப் பிரிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கெடார் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் ஒரு விவசாயி மகளோடு வந்தார். பி.எஸ்சி. அக்ரி வேண்டும் என்றாள் அந்தப் பெண். அவள் கேட்ட கேள்விகளே அவள் யாரென்று சொல்லின: மண் பரிசோதனை எந்த வருடம் சொல்லித்தருவார்கள், பயிர் நோய்க்குத் தனிப் பாடமா. மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதத்தையும் கையேட்டையும் நானே கொடுத்து, கெடு முடிவதற்குள் வந்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். வரிசை நீளமாக இருந்ததால் அதற்குமேல் பேசவில்லை.

விதி இதுதான். மதிப்பெண் பட்டியல், டி.சி. முதலான அசல்களைப் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்து முதல் தவணையும் கட்டினால், அந்தச் சேர்க்கை உறுதியாகும். கொடுக்காவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் 'புரொவிஷனல்' என்பதற்கு அவ்வளவுதான் பொருள்: இடம் உன்னுடையது, காகிதத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்.

பதினைந்து நாள் கழிந்து ஐந்தாம் நாள் அவர்கள் இருவரும் வந்தார்கள். வேலை விஷயமாக நான் அன்று பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தேன். அவர் கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே எல்லா அசலும். இப்போது பர்மனென்ட் ஆகிவிட்டதா, கடிதம் எப்போது வரும் என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. எரிச்சலாகத்தான், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டேன்.

அவர் கையேட்டைப் பிரித்தார். 'தற்காலிகச் சேர்க்கை' என்ற சொல்லுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. தன் தம்பி ஓர் ஆலையில் பதினொரு வருடம் தற்காலிக ஆளாக இருந்தான், ஒருநாள் காலையில் வராதே என்று சொல்லிவிட்டார்கள், தற்காலிகம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும் என்றார். தற்காலிக இடத்தை நம்பி ஒரிஜினல் டி.சி.யைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு வெளியே அனுப்பும்போது பெண் வேறெங்கே போய்ச் சேருவாள்? அதனால் நிரந்தரக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தார். நாள் கடந்துகொண்டே போகவும் மகள்தான் நச்சரித்து அழைத்து வந்திருக்கிறாள்.

அவர் யோசித்ததில் ஒரு பிழைகூட இல்லை.

சேர்க்கை அதிகாரியின் அறைக்கு ஓடினேன். மொழிபெயர்ப்பில் தவறு, தவறு என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. காத்திருப்போர் பட்டியலில் இருந்த பையன் முந்தாநாள் சேர்ந்துவிட்டான், அவனை எழுப்பி வெளியே அனுப்பச் சொல்கிறீர்களா என்றார். பிறகு கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். 'இரு வடிவங்களுக்கும் இடையே வேறுபாடு இருப்பின் ஆங்கில வடிவமே செல்லும்.' அந்த வரியை நான்தான் மொழிபெயர்த்திருந்தேன். அதில் எந்தத் தவறும் இல்லை.

அந்தப் பெண் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். தாவரவியல் நல்ல படிப்புதான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டது அதுவல்ல.

அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்' என்று நீளமாகவே எழுதினேன். முதல் பக்கத்தில் 'புரிந்தாலும் ஒரு முறை கேளுங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். 'புரியாவிட்டால்' என்பது அச்சுப்பிழையாகிவிட்டது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். நான் அதை மாற்றவில்லை.

அன்று அதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்து, இடம் போய்விட்டது என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தச் சொல்லை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவர் கையேட்டை மூடி, சான்றிதழ்கள் இருந்த உறைக்குள்ளேயே பத்திரமாக வைத்தார்.

"இங்கிலீசுல இருந்திருந்தா யாரையாவது கேட்டிருப்பேங்க மேடம்," என்றார். "தமிழ்ல இருந்துச்சு. நானே படிச்சிக்கினேன்."