கடிதத்தில் இல்லாத பாடம்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து தோசை சுட்டு, கணவருக்கு டிஃபன் பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டு, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் உள்ள எங்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். தனியார் பள்ளி. ஆங்கிலவழியில் வெளிநாட்டுத் தேர்வு வாரியம் ஒன்றின் பாடத்திட்டத்தை நடத்துகிறோம். தேர்வுப் பொறுப்பு என்னுடையது. மாணவர்களைத் தேர்வுக்குப் பதிவு செய்வது, வினாத்தாள்களைப் பூட்டி வைப்பது, மண்டபத்தில் இருக்கை போடுவது எல்லாம் நான்தான். அன்று பதினோராம் ஆண்டு மாணவர்களுக்கு டிரையல் தேர்வு, வாரியத் தேர்வுக்கு ஒத்திகை. மேசைகளில் எண் அட்டைகளை ஒட்டினேன், சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தேன். கணிதத் தாள் நல்லபடியாக முடிந்தது.

கட்டிய தாள்களோடு அலுவலகம் திரும்பியபோது போன் அடித்தது. பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி, தினமும் பாலம் கடந்து போய்வருபவர். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டிருந்தார்.

“அக்கா, லெட்டர் பாத்தீங்களா? மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ படிச்சிட்டேன். தமிழக் காணோமே.”

எந்த லெட்டர் என்று கேட்டேன்.

“போர்ட் மாத்துறாங்களாமே. ஸ்கூல் குரூப்ல காலையிலேயே வந்திருச்சி. எக்ஸாம் பாக்குறது நீங்க, ஒங்களுக்கே தெரியாதா?”

எனக்குத் தெரியாது. வாரியம் மாற்றலாம் என்ற பேச்சு இருந்தது தெரியும். முடிவாகி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, பெற்றோர் அனைவருக்கும் அனுப்பியாயிற்று என்பதை, பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் ஒரு தாய் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது. படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.

கடிதம் அழகாகத்தான் இருந்தது. வரும் செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டு முதல் புதிய வாரியம். ஒவ்வோர் ஆண்டுக்கும் என்ன மாறும் என்று ஓர் அட்டவணை. ஒன்று முதல் ஆறு வரை புதிய பாடநூல்கள், ஆறாம் ஆண்டின் முடிவில் வாரியம் திருத்தும் தேர்வு. ஏழு முதல் ஒன்பது வரையும் அப்படியே. இனிப் பத்தாம் ஆண்டுக்கு வருகிறவர்களுக்கு அறிவியலில் செய்முறைக்கெனத் தனித் தாள் உண்டு. ஒன்பதிலிருந்து ஒன்றுவரை எண்களில் வந்த தரம் இனி எழுத்துகளில் வரும். இப்போதைய பதினோராம் ஆண்டு பழைய வாரியத்திலேயே முடிக்கும். இதுவரை குறையில்லை.

இப்போதைய பத்தாம் ஆண்டுக்கு எழுதியிருந்ததுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. ‘பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இவர்களும் செப்டம்பரில் புதிய வாரியத்துக்கு மாறுவர்.’ இரண்டாண்டுப் பாடத்தில் பாதி வழி வந்தவர்களை இறக்கி வேறு பேருந்தில் ஏற்றுகிறார்கள். மொழிப் பாடங்களில் மலாய், மாண்டரின், பிரெஞ்சு. தமிழ் இல்லை. தமிழ் நிறுத்தப்படுகிறது என்ற ஒரு சொல்கூட இல்லை. எழுதியவருக்கு அது இருந்தது என்பதே தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வெறும் ஆசைக்கான பாடமல்ல. கல்லூரி முன்தயாரிப்பு வகுப்பில் சேர ஐந்து பாடங்களில் கிரெடிட் என்னும் நல்ல தரம் வேண்டும். அவளுக்கு நிச்சயம் என்று சொல்லக்கூடியவை நான்கு. ஐந்தாவது தமிழ். அவள் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைமையாசிரியர் அறையில்தான் இருந்தார். நம்மவர். கோலாலம்பூரில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. தமிழ் எங்கே சார் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

“தமிழ் கிளப்தானே சிஸ்டர்?”

எப்படி வந்தது இந்த எண்ணம் என்று கேட்டதும் கால அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். தமிழுக்குக் காலையில் இடமில்லை என்று பல ஆண்டுகளாகப் பள்ளி விட்ட பிறகு நூலகத்தில் வகுப்பு நடக்கிறது. அதனால் தாளில் அது சதுரங்கத்துக்கும் பூப்பந்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கடிதத்தின் பாடப்பட்டியலை அந்தத் தாளைப் பார்த்தே தயாரித்திருக்கிறார். இடம் கொடுக்காமல் ஓரத்தில் தள்ளியதும் நாங்களே, ஓரத்தில் இருப்பதால் அது பாடமில்லை என்று முடிவு கட்டியதும் நாங்களே.

“கிளப்புக்கு யாராச்சும் பரீட்சை ஃபீஸ் கட்டுவாங்களா சார்? போன வருஷம் தமிழுக்குப் பதிவு பண்ணப்ப நீங்கதான சைன் பண்ணீங்க?”

எத்தனை பேர் என்றார். பத்தாம் ஆண்டில் நாலு பேர் என்றேன்.

“நாலு பேருக்காக ஒரு போர்டையே வச்சிக்க முடியுமா லா?”

நாலு பேருக்காக மட்டுமில்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். குரல் உயர்ந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். செப்டம்பருக்குள் பத்தாம் ஆண்டு முழுவதுமே பாதிப் பாடத்தை முடித்துவிடும். புதிய வாரியத்தின் அறிவியலில் வரும் செய்முறைத் தாளுக்கு இவர்கள் ஒருநாளும் தயாரானதில்லை. இலக்கியத்தில் படித்த நூல்கள் வேறு, அங்கே கேட்கும் நூல்கள் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பாடம் ஒன்றாகிவிடாது. புதிய வாரியத்தின் அங்கீகாரம் கிடைப்பதால் பழையது போய்விடாது. இரண்டையும் வைத்திருக்கும் பள்ளிகள் இருக்கின்றன. இன்னும் ஓராண்டு பழையதைப் புதுப்பித்தால், இவர்கள் அடுத்த ஆண்டு மே, ஜூனில் எழுதி முடித்துவிடுவார்கள். புதிய வாரியத்தில் தமிழ் இல்லை, நான் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடித் திறந்தார். நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொன்னார். நான் வெளியே நின்றேன். உள்ளே போனில் அவர், “யெஸ், எக்ஸாம் சைட்லதான் சொன்னாங்க, நானும் அதத்தான் யோசிச்சேன்” என்பது கேட்டது. பரவாயில்லை, யாருடைய யோசனையாகவும் இருக்கட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கூப்பிட்டார்.

“இயர் டென் பழைய போர்ட்லயே முடிக்கட்டும். தமிழும் சேத்து. கரெக்ஷன் லெட்டர நீங்களே டைப் பண்ணுங்க, சைன் பண்றேன். ஆனா மிஸ்டேக்னு போடாதீங்க சிஸ்டர். கிளாரிஃபிகேஷன்னு போடுங்க.”

தெளிவாக்கம். பத்தாம் ஆண்டையே தூக்கி எறிந்துவிட்டு, தெளிவாக்குகிறோமாம். ஒன்பதாம் ஆண்டிலும் அதற்குக் கீழும் தமிழ் படிப்பவர்களை என்ன செய்வது என்றேன். அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அடுத்த மாதம் ஒன்பதாம் ஆண்டு மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் என்பது எப்போது?

மாலையில் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். பாலத்தருகே குடிநுழைவுச் சோதனை வரிசையில் நின்றிருந்தார், பின்னால் கூட்டத்தின் இரைச்சல். மகள் பழைய வாரியத்திலேயே தமிழ் எழுதலாம் என்றதும் அவர் பெருமூச்சு விட்டது இரைச்சலையும் மீறிக் கேட்டது.

“பொழச்சோம்க்கா. அவ காலையிலேருந்து சாப்பிடலயாம். சரி, எட்டுல இருக்கானே என் சின்னவன், அவனுக்கு?”

புதிய வாரியத்தில் அந்தப் பாடம் இல்லை என்றேன். பழைய வாரியத்தை நடத்தும் வேறு பள்ளி எதிலாவது தனித் தேர்வராகச் சேர்த்துக்கொண்டால் எழுதலாம், அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னேன்.

“ஒங்க மேல கோபமில்லக்கா. ஆனா அத லெட்டர்ல போடுவாங்களா? இல்ல, அவன் இயர் டென் வந்தப்புறம் நானே கண்டுபிடிக்கணுமா?”

போடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மண்டபத்தைத் திறக்குமுன், அலுவலகத்தில் விளக்கைப் போட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். பத்தாம் ஆண்டுக்கான வரியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, தலைமையாசிரியர் சொல்லாத வரியை முதலில் எழுதினேன்: ‘இப்போது ஒன்பதாம் ஆண்டிலும் அதற்குக் கீழும் உள்ள மாணவர்களுக்கு, புதிய வாரியத்தில் தமிழ் தேர்வுப் பாடமாக இல்லை.’ அதன் கீழே பத்தாம் ஆண்டுக்கான வரியையும் சேர்த்து அச்செடுத்து, கையெழுத்துக்காக அவர் மேசையின் நடுவில் வைத்தேன்.