மூன்றரைக்கு நாலரை

எம்.கே.பி. நகரில் செங்கொடியின் போட்டோக் கடைக்கு வந்து போகாத முகம் அந்தக் குடியிருப்பில் இல்லை. ரேஷன் கார்டு, கல்லூரி, துறைமுக கேட் பாஸ் என்று எதற்குப் படம் வேண்டுமானாலும் அவள் கடைதான். அப்பா மில் தொழிலாளி. பெண்ணுக்குச் செங்கொடி என்று பேர் வைத்துவிட்டு, போராட்டமே வாழ்க்கை என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தார். அவளுடைய போராட்டமெல்லாம் மூன்றரை சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு சின்னக் கட்டத்தோடுதான்.

பாஸ்போர்ட் சைஸ் என்றால் அதுதான். தலை நடுவில், இரண்டு காதும் தெரிய, பின்னால் வெள்ளை, முகம் கட்டத்தில் முக்கால்வாசி. கேமரா எடுக்கும் படம் அகலமாக இருக்கும். பக்கங்களை வெட்டித்தான் கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வெட்டாமல் இரண்டு பக்கமும் நெருக்கி உள்ளே அடைத்தாலும் அளவு சரியாகவே இருக்கும். ஆள்தான் ஒல்லியாகிவிடுவாள்.

இந்த வேலை செங்கொடிக்கு வெகு காலமாகப் பழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக எத்தனையோ பெண்கள் "கொஞ்சம் ஒல்லியா காட்டுக்கா" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவளும் பாவமென்று நெருக்கிக் கொடுப்பாள். கல்யாண வீட்டில் யார் அளவுகோல் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்?

மலர் பக்கத்து பிளாக். முத்தம்மாவின் மகள். வட்டமான முகம், நல்ல பருமன். ஒருநாள் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே, "படத்துல இப்டி இல்லியே" என்று சொல்லிப் போனார்கள். பெண்கள் விடுதிக் காப்பாளர் வேலைக்கு அவள் விண்ணப்பம் போட வந்தது அதற்கு அடுத்த வாரம். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

செங்கொடி படம் எடுத்தாள். பக்கங்களை வெட்டிக் கட்டத்தில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மலர் திரையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாக்கா, அப்பளம் மாதிரி கீது. இதப் பாத்தா எவன் வேலை குடுப்பான்?"

அந்தக் குரலில் இருந்த வலி செங்கொடிக்குத் தெரிந்தது. வெட்டியதை மீட்டு, முழுப் படத்தையும் இரண்டு பக்கமும் நெருக்கிக் கட்டத்துக்குள் அடைத்தாள். கன்னம் இறங்கியது. மலர் சிரித்தாள். விண்ணப்பம் போடும் இணையதளமும் அதை ஏற்றுக்கொண்டது. அது அளவைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

தேர்வுக்கான ஹால் டிக்கெட்டை அச்செடுத்த அன்றுதான் செங்கொடி அதன் விதிகளைப் படித்தாள். அசல் ஆதார் கொண்டுவர வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. ஆதாரில் இருந்த மலரும் ஹால் டிக்கெட்டில் இருந்த மலரும் ஒரே ஆள் என்று பெற்றவளே சத்தியம் பண்ண மாட்டாள். படத்தை மாற்றும் கெடுவும் முடிந்திருந்தது. கூட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். மனசு கேட்காமல் திருவொற்றியூரில் தேர்வு நடந்த பள்ளிக்குத் துணைக்கும் போனாள்.

வாசலில் இருந்த அதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு மலரைப் பார்த்தார்.

"இது யாரும்மா, உன் தங்கச்சியா?"

"நான்தான் சார்."

"ஆள் மாத்தி எழுத வந்து போன தடவையே ரெண்டு பேர் மாட்டினாங்க. ஓரமா நில்லு."

வாசலுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்ற செங்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். "சார், அவ மேல தப்பில்ல. நான்தான் படத்த நெருக்கினேன். போட்டோக் கடை வச்சிகினு கீறேன் சார். அசல் படம் போன்ல கீது, பாருங்க."

அவர் பார்த்தார். நம்பவும் செய்தார். ஆனால் போனில் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "விண்ணப்பத்துல இருக்கிற படம்தாம்மா கணக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மணி அடித்தது. கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, அந்தக் குரங்கு செங்கொடியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

திரும்பும் பஸ்ஸில் மலர் அழவில்லை. வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். செங்கொடிக்கு அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டட்டும், நாலு பேர் கேட்கட்டும்.

"நான்தானேக்கா ஒல்லியா காட்டச் சொன்னேன்," என்றாள் மலர் கடைசியில்.

"இருந்தாலும் எனக்குத் தெரியும்ல, மலரு. நான் செஞ்சிருக்கக் கூடாது."

"அதில்லக்கா." அவள் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாப்ள வூட்டுக்காரன் சொன்னான், போயிட்டான். நீ என்னைப் பொறந்ததுலேந்து பாத்துகினு கீற. இந்த மூஞ்சியே நல்லாத்தான் கீதுன்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

செங்கொடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அந்த வட்ட முகத்தைப் பார்த்தாள். உண்மையில் அந்த முகம் அவளுக்கு என்றைக்குமே பிடித்த முகம்தான்.