பாவு சுற்றும்வரை எரிந்த விளக்குகள்

காஞ்சிபுரத்துக்கு என்னை அனுப்பியது பட்டுப் புடவை எடுக்க அல்ல. ஒரு நெசவாளர் தெருவில் மின்சாரம் எங்கே காணாமல் போகிறது என்று பார்க்க. எழுபதுகளின் ஆரம்பம், ஒரு தை மாதம். மின்சார அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவில் பெண்கள் இருந்ததே அபூர்வம், அதிலும் வெளியூர் அனுப்பக் கூடியவள் நான் ஒருத்திதான். சந்தேகம் என் பிறவிக் குணம். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் தராசின் முள்ளைத்தான் முதலில் பார்ப்பேன். மேலதிகாரிக்கு அது பிடித்திருந்தது, வீட்டில் இருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தத் தெருவுக்கென்று ஒரு மின்மாற்றி. அதில் முந்தின வருஷமே ஒரு சோதனை மீட்டர் மாட்டியிருந்தார்கள். தெருவுக்குள் எத்தனை யூனிட் போகிறது என்று அது சொல்லும். வீட்டு மீட்டர்களில் பதிவானதைக் கூட்டி, அதோடு தெருவிளக்குக்கு உரியதைச் சேர்த்தால் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். கம்பி சூடாவதில் கொஞ்சம் வீணாகும், அது இயல்பு. ஆனால் இந்தத் தெருவில் மார்கழி, தை வந்தால் இழப்பு பொங்கி எழுந்தது. கோடையில் தானாக அடங்கியது.

பழி மீட்டர் கணக்கெடுப்பவர் தலையில் விழுந்தது. தாமல் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், தினமும் சைக்கிளில் வருவார். வீடு வீடாகக் காப்பி குடிப்பார் என்பதும் ஊருக்கே தெரியும். காப்பிக்குப் பதிலாகக் குறைத்து எழுதுகிறார் என்று இளநிலைப் பொறியாளர் மெமோ கொடுத்துவிட்டார். என் அறிக்கை வந்ததும் வேலைநீக்கம் என்று அலுவலகத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அத்தனை காப்பி குடிக்கிறவரை நான் எப்படி நம்புவேன்?

சோதனை மீட்டர் காட்டுவதை எந்த எண்ணால் பெருக்க வேண்டுமோ, அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். பல ஊர்களில் தப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். இங்கே சரியாக இருந்தது. பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு தெருவின் எல்லா வீடுகளுக்கும் போய், ஒரே நாளில், என் கண்ணாலேயே மீட்டரைப் பார்த்து எழுதினேன். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொரு தடவை. உள்ளே தறிகள் தடதடக்க, சுவரில் மீட்டரின் தட்டு தூக்கக் கலக்கத்தில் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் காப்பி குடிக்கவில்லை. கூட்டிப் பார்த்தால், அப்போதும் அதே இழப்பு.

"பாத்தீங்களாமா, நா எழுதுனதும் நீங்க எழுதுனதும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார் அவர்.

"அப்ப எவனோ கம்பியில கொக்கி போட்டுத் திருடறான். அதப் பாக்காம விட்டதுக்கும் உங்களத்தான் கேப்பாங்க" என்றேன்.

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பகலிலும் மாலையிலும் முன்னிரவிலும் சோதனை மீட்டரைப் பார்த்தேன், கணக்கில் பிசகு இல்லை. மீதி இருந்தது விடியற்காலை. கோவிலுக்குப் பக்கத்தில் தூரத்துச் சித்தி ஒருத்தி வீட்டில் தங்கியிருந்தேன். இருட்டோடு கிளம்பினேன். மின்மாற்றியடியில் கணக்கெடுப்பவர் மப்ளர் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். தெருவிளக்குகளை ஐந்து மணிக்கு அணைக்க வேண்டும் என்பது வருஷம் முழுக்க ஒரே விதி. அவற்றுக்கு மீட்டர் கிடையாது. இத்தனை விளக்கு, இத்தனை வாட், இத்தனை மணி நேரம் என்று பெருக்கி நகராட்சிக்குப் பில் போகும். ஐந்துக்குப் பிறகு சோதனை மீட்டரின் தட்டு தளர்ந்து சுற்ற வேண்டும். தளரவில்லை. பிடித்துவிட்டோம் என்று நினைத்து, கொக்கியைத் தேடித் தெருவுக்குள் நடந்தேன்.

தெரு நெடுகப் பட்டு நூல் நின்றது. கோலங்களைத் தாண்டி, வீடு வீடாகத் தாண்டி, இடுப்பு உயரத்தில், தறியில் ஏற்றுமுன் நீளவாக்கில் விரித்துக் கட்டிய ஒரு பாவு. அரக்கு நிறம். அதற்கப்பால் மாம்பழ மஞ்சளில் ஒன்று. பனி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஓசையில்லாமல் நடந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டார்கள். யாரோ கஞ்சித் தண்ணீர் தெளிக்க, நூல் முழுக்க முத்து முத்தாக ஒளி நின்றது. கொக்கியைத் தேட வந்தவள் அதை மறந்துபோனேன். அவர்களோடு நானும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். எனக்கு உடம்பே இல்லாததுபோல் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தணிக்கையிலும் இருந்ததில்லை.

வெயில் வந்து ஓட்டுக் கூரையைத் தொட்டபோது அண்ணாந்து பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. கொக்கியைத் தேட எனக்கு வெளிச்சம் கொடுத்ததே அவைதான். இத்தனை நேரம் நான் ரசித்துக்கொண்டிருந்தது, நான் தேடி வந்த இழப்பை.

பாவைச் சுற்றி முடித்த ஒரு அம்மாள் கம்பத்துப் பெட்டியைத் திறந்து விளக்குகளை அணைத்தாள். சாவி இடுப்பில் தொங்கியது.

"சாவி உங்ககிட்ட எப்பிடிம்மா?" என்றேன்.

"வயர்மேன் குடுத்ததுதான். வெயில் ஏறுனா நூல் காஞ்சு அறுந்துபூடும்மா. குளிருல அஞ்சு மணிக்குக் கும்மிருட்டு. பக்கத்துத் தெருப் பாவும் இங்கதான் வருது. கடைசிப் பாவு யாருதோ அவங்க அணைச்சுடணும். ஒரு நாளு மறந்ததில்ல" என்றாள் பெருமையாக.

கணக்கெடுப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மேல் இருந்த பழி போய்விட்டதே. சிரித்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இத எழுதித்தான் ஆவணுமாமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எழுதலன்னா உங்க வேலை போவும்."

"தெரியும்மா" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது.

எழுதினேன். இன்றைக்கு அனுப்பினாலும் அதையேதான் எழுதுவேன். வயர்மேனுக்கு எச்சரிக்கை போதும் என்று சண்டை போட்டு வாங்கினேன். மெமோ ரத்தானது. எரியும் நேரத்தைக் கூட்டிப் பில் போடலாம், இல்லையென்றால் தெருவிளக்குக்கு ஒரு மீட்டர் வைக்கலாம் என்று யோசனையும் சொன்னேன். இரண்டையும் விட்டுவிட்டுச் சுலபமான வழியைப் பிடித்தார்கள். பெட்டிக்குப் புதுப் பூட்டு, ஐந்து மணிக்கு இருட்டு.

அடுத்த தை மாதம் மறுபரிசோதனைக்குப் போனேன். இழப்பு அடங்கியிருந்தது, வீட்டு மீட்டர்களில் யூனிட் ஏறியிருந்தது. கணக்கு அத்தனை அழகாக நேரானதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. விடியுமுன் தெருவுக்குப் போனேன்.

கம்பங்கள் இருண்டிருந்தன. ஜன்னல் ஜன்னலாக ஒயர் இழுத்து, மூங்கில் கழி நுனியில் பல்பு கட்டி, வீட்டுக்கொருவர் தூக்கிப் பிடித்து நின்றார்கள். பாவின் மேல் வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்து ஆடியது. பல்பைப் பிடித்தவருக்கு இழை முடியக் கை இல்லை.

அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"வந்துட்டியாமா? எங்க வூட்டு மீட்டருதான் ஓடுது. இத கொஞ்சம் புடி" என்று கழியை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து அறுந்த இழையைத் தேடினாள்.

பாவைச் சுற்றி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.