கார்டில் இல்லாத ஆறாவது வரி

செங்கல்பட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். எழுபதுகளில் விலைவாசி தலைதெறிக்க ஓடிய காலம். எங்களிடம் கணக்குப் பார்க்கும் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் நெல், கடலை, எண்ணெய் வியாபாரிகள். மத்திய வங்கி கடன் கொள்கை அறிவித்தால் அவர்களுக்குத் தூக்கம் கெடும். அறிக்கையோ ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் இருக்கும். அதைப் படித்து, எளிய தமிழில் ஐந்து பாயிண்டாகச் சுருக்கி, சைக்ளோஸ்டைல் மெஷினில் நகலெடுத்து, போஸ்ட் கார்டில் எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை.

ஐந்துதான், ஆறு கூடாது. ஆடிட்டர் அதில் பிடிவாதமாக இருந்தார். கார்டில் ஐந்துக்கு மேல் போனால் எழுத்து பொடியாகிவிடும், பொடி எழுத்தைக் கடைக்காரன் படிக்க மாட்டான் என்பார். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு கர்வமும் இருந்தது. பன்னிரண்டு பக்கத்தை ஐந்து வரியில் மடக்குகிறவன் நான் ஒருத்தன்தான் என்ற நினைப்பு. சென்னையில் ஆடிட்டருக்கு ஒரு நண்பர். பத்திரிகைகளுக்குத் தரும் அறிக்கையின் தட்டச்சுப் பிரதியை அவர் மின்சார ரயிலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார். அதனால் ஊர் வங்கிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வருவதற்கு முன்னாலேயே எங்கள் கார்டு போய்விடும். அந்தப் பெருமை வேறு.

அந்த முறை வந்த அறிக்கை கறாரானது. நான் எழுதியது இது: மத்திய வங்கி தன் வட்டியை ஏற்றிவிட்டது, ஆகவே உங்கள் கடன் வட்டியும் ஏறும். வங்கிகள் டெபாசிட்டில் இன்னும் கொஞ்சத்தை மத்திய வங்கியில் கட்டி வைக்க வேண்டும், ஆகவே புதுக் கடன் சுலபத்தில் கிடைக்காது. நீண்ட கால டெபாசிட்டுக்கு வட்டி கூடும். ஏற்றுமதிக் கடனுக்குத் தடை இல்லை. ஐந்தாவதாக, கடலைச் சரக்கின் பேரில் வாங்கிய கடனுக்கு மார்ஜின் உயர்கிறது, கூடுதலாக வாங்கியிருப்பவர்கள் குறித்த கெடுவுக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ஜின் என்றால் வேறொன்றுமில்லை. கிடங்கில் நூறு ரூபாய்ச் சரக்கு இருந்தால் வங்கி நூறும் தராது. அது பிடித்துக்கொள்ளும் பங்குதான் மார்ஜின். அது உயர்ந்தால் அதே சரக்குக்குக் கடன் குறையும். வியாபாரி மீதியைக் கைப்பணத்தால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கை விற்க வேண்டும். கடலையைப் பதுக்கி விலை ஏற்றுகிறவர்களை அசைக்கத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் ஆறு பாயிண்ட் எழுதினேன். ஆறாவது, அறிக்கையின் கடைசியில் பிற்சேர்க்கையில் இருந்தது. தானே ஆட்டும் எண்ணெய் மில்கள் தங்கள் தேவைக்கு வைத்திருக்கும் கடலைக்குப் பழைய மார்ஜினே தொடரும் என்று. ஒன்றைக் குறைக்க வேண்டும். டெபாசிட் வட்டியை வெட்டியிருக்கலாம். ஆனால் ஒரு கார்டில் ஒரு நல்ல சேதியாவது இருக்கட்டுமே என்று பட்டது. பிற்சேர்க்கைதானே, வால்தானே என்று ஆறாவதைத் தூக்கினேன். ஆடிட்டர் ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து மதுராந்தகம் பக்கத்து மில்காரர் ஒருவர் ஆபீசுக்கு வந்து, இந்த மார்ஜின் உயர்வு தனக்கு உண்டா இல்லையா என்று கேட்டார். நான் மிடுக்காகப் பிரதியை எடுத்து அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பிற்சேர்க்கைக்கு வந்ததும், நான் தூக்கிய வரியை நானே படிக்க வேண்டியதாயிற்று. அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். நான் கார்டு போன முகவரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம், கடப்பாக்கத்தில், இன்னொரு மில் இருந்தது. அங்கே ஒரு பாய், வங்கிக் கடனில் அறுவடையின்போது கடலை வாங்கி, அடுத்த அறுவடை வரை ஆட்டுகிறவர். கடலை தீர்ந்தால் மில் நிற்கும். உடைத்துப் புடைக்கும் பெண்கள் முப்பது பேருக்கும் வேலை போகும். அவருக்கு டெலிபோன் கிடையாது. ஆடிட்டரிடம் சொன்னேன். திட்டவில்லை. "ஒடனே போய்யா. இன்னாத்துக்கு நின்னுகினு கீற" என்றார்.

பஸ் செய்யூர் வழியாக ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் டீ குடித்தார், நான் பல்லைக் கடித்தேன். மில் வாசலில் லாரி நின்றது. மூட்டைகளைத் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் பாதிக்கு மேல் காலி.

பாய் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பஸ்ஸில் வந்த களைப்பு தெரிகிறது என்று முதலில் நாஸ்தா சாப்பிடச் சொன்னார். சாப்பிட முடியாது, முதலில் கேளுங்கள் என்று, நின்றபடியே பிரதியை விரித்து அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னேன். மில்லுக்குப் பழைய மார்ஜின்தான், நீங்கள் ஒரு மூட்டைகூட விற்க வேண்டியதில்லை என்று. அவர் மெதுவாக மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கிலப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கார்டுல எத்தினியாவது பாயிண்ட்டு, தம்பி?"

"கார்டுல இல்ல பாய். எடம் பத்தலன்னு நான்தான் எடுத்துட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் லாரிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டி எடையை நிறுத்தச் சொன்னார். அதுவரை எடை போட்ட மூட்டைகளை மட்டும் ஏற்றிப் போகச் சொன்னார். பேசி முடித்த பேச்சு, மாற்ற முடியாது என்றார். புதுக் கடலை வந்து குவிந்து விலை விழுகிற மாதம் அது. என்ன விலைக்குக் கொடுத்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விற்ற பணம் கடனில் கழிந்துவிட்டது, திரும்ப வாங்கப் புதுக் கடனும் சுலபத்தில் கிடைக்காது, மிச்சம் இருப்பதை வைத்துத் தை மாதம் வரை ஆட்டலாம், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார். புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. தையிலிருந்து அடுத்த அறுவடைக்கு எத்தனை மாதம் என்று அவள் மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. விற்பதற்கு முன்னால், கிளையை நடத்தும் வங்கி ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா பாய் என்று கேட்டேவிட்டேன். தப்பைச் செய்துவிட்டுப் பாதிப் பழியை அவர் தலையில் கட்டப் பார்த்தேன் என்பது இப்போது புரிகிறது. அப்போது எங்காவது அதை இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது.

பாய் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு.

"கேட்டேன் தம்பி. போன வாரமே போய்க் கேட்டேன். அவசரப்படாத பாய், ஹெட்டாபீசு ஓலை இன்னும் எனக்கு வரல, மில்லுக்கு அநேகமா இருக்காதுன்னுதான் சொன்னாரு. நான்தான் அவராண்ட சண்ட போட்டுட்டு வந்தேன். ஒங்களுக்கு எல்லாமே லேட்டாத்தான் வரும், எங்க ஆடிட்டர் ஆபீசுக் கார்டு இதுவரிக்கும் தப்பா சொன்னதில்லன்னு."